கருப்பசாமி சாணை பிடித்த விளிம்பு

கருப்பசாமியைப் பற்றி எழுதுவதென்றால் அவனைத் திட்டித்தான் தொடங்க வேண்டும். பதினேழு வருடம் ஒரே கம்பெனியில், ஒரே ஷிஃப்டில், அடுத்தடுத்த கொட்டகையில் வேலை பார்த்தவன் என்ற உரிமை எனக்கு உண்டு. அவன் டூல் ரூமில் கிரைண்டிங் மிஷின்காரன். நான் விஜயகுமார், பக்கத்து ஹீட் ட்ரீட்மெண்ட் பிரிவு. இரும்பை நான் சூடேற்றிக் கடினமாக்கி அனுப்புவேன், அவன் அதைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவான். ஓசூர் சிப்காட்டில் எங்களைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் கருப்பசாமிக்கு இருந்த திமிர் ஆயிரம் பேருக்கும் இருந்ததில்லை.

சாத்தூர்ப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு இங்கே வந்தவன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விடமாட்டான் என்பதால் ‘மைக்ரான் சாமி’ என்று அவனுக்குப் பெயர். அவன் கையிலிருந்து போன சாமான் ஒன்றுகூட ‘ரீவொர்க்’, அதாவது திரும்பச் செய், என்ற சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்ததில்லை. இதை அவனே சொல்வான், ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது. அவன் மனைவி ராசாத்தி எங்கள் வீட்டுக்கு வந்தால், “இட்லியக் கூட அளந்து பாத்துட்டுத்தாண்ணே வாயில வைக்காரு” என்று புலம்புவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நல்லவன்தான். தப்பு செய்யாதவன் என்று ஊரே சொல்ல, அதை அவனும் நம்பிவிட்டான் என்பதுதான் அவனுடைய வியாதி.

அவனிடம் சத்யப்ரியாவைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

சத்யா எங்கள் ஊர்ப் பெண், ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை. வெங்கடப்பன் மகள். தக்காளியும் குடைமிளகாயும் போடுகிற குடும்பம், வீட்டில் தெலுங்கு. டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் கம்பெனி அசெம்பிளி லைனில் சேர்ந்தாள். கிடார் வாசிப்பாள். கல்யாணக் கச்சேரிக் கிடார் இல்லை; பெங்களூரில் தலைமுடியை ஆட்டிக்கொண்டு வாசிப்பார்களே, அந்தச் சத்தக் கிடார். செல்போனைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். ஒரு நாள் என்னிடம் வந்து, “விஜி அண்ணா, மூணு எம்எம் ஆலன் கீ ஒண்ணு கெடைக்குமா? என்னுது மொனை மழுங்கிப் போச்சு,” என்று கேட்டாள். ஆறு பட்டைத் திருகு சாவி அது; கிடாருக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மைக்ரான் சாமியிடம் கேட்போம் என்று டூல் ரூமுக்கு அழைத்துப் போனேன்.

ஆலன் கீ கொடுப்பதற்கு முன்னால் கருப்பசாமி நூறு கேள்வி கேட்டான். அவன் குணம் அது. மறுநாள் அவள் கிடாரையே கொண்டுவந்து, கேன்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்து காட்டினாள்.

தந்திகளின் அடிநுனியைப் பிடித்திருக்கும் பிரிட்ஜிலிருந்து ஒரு கம்பி, கைப்பிடி மாதிரி, நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் ‘பார்’ என்றாள். அதை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒரே நேரத்தில் தொய்யும், சத்தம் மலையிலிருந்து உருளுகிற மாதிரி கீழே இறங்கும். மேலே இழுத்தால் தந்திகள் முறுக்கேறி அலறும்.

“சாதாரண கிடார்ல இப்டிப் பண்ணா சுருதி போயிரும்ணா,” என்றாள். “ஸ்ட்ரிங் இந்தத் தலைப்பக்கம் ஒரு பள்ளத்து வழியா போயி, முறுக்காணில சுத்திருக்கும். தொய்யும்போது பள்ளத்துல வழுக்கும். திரும்ப இறுகும்போது அதே எடத்துக்கு வராம நடுவுல சிக்கிக்கும். சுத்து வேற அசைஞ்சு கொடுக்கும். ஒரு தடவ அழுத்தினா போதும், ஆறு ஸ்ட்ரிங்கும் ஆறு எடத்துல நிக்கும்.”

“இதுல?”

“இதுல ரெண்டு பக்கமும் பூட்டு. கழுத்து மேல இந்தக் கட்டைங்க மூணும் ரெண்டு ரெண்டு ஸ்ட்ரிங்க அமுக்கிப் புடிச்சிருக்கு, அதுக்குத்தான் ஆலன் கீ. பிரிட்ஜ் பக்கம், ஸ்ட்ரிங் நுனில இருக்கிற குண்டை வெட்டிப்போட்டுட்டு வாய்க்குள்ள வச்சு இறுக்கிருக்கு. நடுவுல இருக்கிற கம்பிக்கு வழுக்கறதுக்கு எடமே கெடையாது. முறுக்காணிய இப்ப எப்டித் திருகினாலும் சுருதி மாறாது, பாருங்க.”

திருகிக் காட்டினாள். மாறவில்லை. பூட்டிய பிறகு சின்னச் சின்னத் திருத்தம் செய்யப் பிரிட்ஜின் பின்னால் ஆறு குட்டித் திருகுகள் இருந்தன.

கருப்பசாமி கிடாரை வாங்கித் திருப்பினான். முதுகுப் பக்கம் ஒரு குழி, அதில் மூன்று ஸ்பிரிங். முன்னால் தந்திகள் இழுக்கின்றன, பின்னால் ஸ்பிரிங் இழுக்கிறது. நடுவில் பிரிட்ஜ் தகடு இரண்டு தூண்களின் பள்ளத்தில், கத்தி போன்ற விளிம்பில் சாய்ந்து நிற்கிறது. வேறு பிடிமானம் கிடையாது.

“அப்ப பூட்டு பாதிதான்மா,” என்றான் அவன். “கம்பிய ரெண்டு பக்கமும் புடிச்சாச்சு, சரி. ஆனா இந்தத் தகடு ஒவ்வொரு தடவையும் அதே எடத்துக்குத் திரும்பி வந்து உக்காரணும்ல? உக்காரலைன்னா பூட்டி என்ன பிரயோசனம்? அம்புட்டும் இந்த ரெண்டு வெளும்புலதான் நிக்கி.”

அவள் வாயைப் பிளந்துவிட்டாள். அவளுக்கு அது தெரியும், ஆனால் இரண்டு நிமிடத்தில் ஒருவன் கண்டுபிடிப்பான் என்று நினைக்கவில்லை. கருப்பசாமிக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. தாலாட்டுப் பாடினால் குழந்தை அழும் ரகம். ஆனால் இரும்பு எங்கே உட்காருகிறது, எங்கே உட்கார மறுக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். அன்றிலிருந்து அவள் கிடாருக்கு அவன்தான் வைத்தியன். அவள் அவனை ‘சாமி அண்ணா’ என்பாள். அவன் அவளைச் ‘சின்னவளே’ என்பான். ஊரில் அவனுக்கு ஒரு தங்கை இருந்து சிறு வயதிலேயே போய்விட்டாள் என்று ராசாத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வருடம் கார்த்திகையில் சத்யாவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஒத்திகைக் கூடம் வைத்து நடத்தும் பேண்டு, தலைவர் ஜெகதீஷ். அவர்களுடைய கிடார்காரன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். மூன்று மாதம் ஊர் ஊராகக் கச்சேரி, அதற்கு ஆள் வேண்டும். சத்யா அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு நேரில் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.

வீட்டில் அப்போது மாப்பிள்ளைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேரிகைக்கு அந்தப் பக்கம், ரோஜாப் பூ பசுமைக்குடில் வைத்திருக்கும் மோகன்குமார். நல்ல இடம். வெங்கடப்பன் பிடிவாதக்காரர், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டார். “பேண்டுக்காரங்க உன்ன எடுத்துக்கிட்டா கல்யாணப் பேச்ச ரெண்டு வருசம் தள்ளிப் போடறேன். எடுத்துக்கலைன்னா தை மாசம் தாலி. அப்பறம் கிடார் கிடார்னு வரக்கூடாது,” என்றார். சத்யா சரி என்றாள். எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு. எங்களுக்கும்தான்.

அதற்காக அவள் வீட்டில் பழகும்போது ஒரு இக்கட்டு வந்தது. அவளுடைய கிடார் பெங்களூர் சிவாஜி நகர்ப் பக்கம் பழையதாக வாங்கியது, பெயர் தெரியாத பிரிட்ஜ். பாரை அழுத்திவிட்டால் முன்போலச் சுத்தமாகத் திரும்பவில்லை. கருப்பசாமி தகட்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். இரண்டு விளிம்பும் மழுங்கியிருந்தன.

“புதுசா வாங்கிரலாமாண்ணா?” என்று கேட்டாள்.

“எதுக்கு? எங்கையில மிசினு இருக்கு. புது வெளும்பே போட்டுத் தாரேன். கம்பெனிக்காரன் போட்டதவிட நல்லாருக்கும்.”

அன்று மத்தியானம் மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில் அவன் அந்தத் தகட்டை மிஷினில் பிடித்து அரைத்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். தண்ணீர் விட்டு, சூடு ஏறாமல், அவ்வளவு பக்குவமாக. மழுங்கல் போகும்வரை இரண்டு விளிம்பிலும் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தான். முடித்தபோது விளிம்பு கண்ணாடியாக மின்னியது. நானே பாராட்டினேன். எனக்கும் அறிவு வேலை செய்யவில்லையே!

இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு நடந்தது. நாங்கள் கடினப்படுத்தும் சாமான்களில் மேல்தோல் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் கெட்டியாக இருக்கும். பிறகு அரைப்பார்கள் என்று கணக்குப் பண்ணித்தான் அவ்வளவு ஆழம் விடுகிறோம். கால் மில்லிமீட்டர் எடுத்தாலும் அடியில் கெட்டி மிச்சமிருக்கும். பதினேழு வருடத்தில் அவன் கை அப்படியே பழகிவிட்டது. இந்தத் தகட்டை எவன் செய்தானோ, பிறகு ஒருவன் அரைப்பான் என்று நினைத்தா செய்திருப்பான்? வெங்காயத் தோல் மாதிரி மேலே மெல்லிசாக ஒரு கடினம், உள்ளே வெறும் மெத்து இரும்பு. அந்தத் தோல் முழுவதையும் கருப்பசாமி அழகாக உரித்து எடுத்துவிட்டான். ஒரு அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்திருந்தால் போதும். கெட்டியாக இருந்தால் அரம் வழுக்கும், மெத்தாக இருந்தால் கடிக்கும். நான் தினமும் செய்கிற சோதனை. அன்றைக்கு என் பையிலேயே அரம் இருந்தது.

மாட்டிப் பார்த்தார்கள். கிடாரின் தலையில் சுருதி காட்டும் ட்யூனரைக் கிளிப் போட்டு, அவள் இருபது தடவை பாரை அமுக்கி அமுக்கி விட்டாள். இருபது தடவையும் முள் நடுவில் வந்து நின்றது. கருப்பசாமி என்னைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினான். அந்தப் புருவத்தை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

மூன்று வாரம் அவள் தினமும் இரண்டு மணி நேரம் சாதகம் பண்ணினாள். அழுத்தலும் இழுப்புமாக எத்தனை ஆயிரம் தடவையோ. ஒவ்வொரு தடவையும் அந்த மெத்து விளிம்பு, கெட்டித் தூணில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வாசித்துக் காட்ட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். காலையில்தான் சத்யா தந்திகளைப் புதிதாக மாற்றியிருந்தாள். “ரெண்டு நாளு முன்னாடியே மாத்தச் சொன்னேன்ல,” என்று கருப்பசாமி கடிந்துகொண்டான். “லேசா துரு இருந்துச்சுண்ணா. நல்லா இழுத்து இழுத்து வுட்டுட்டுத்தான் பூட்டினேன்,” என்றாள். புதுத் தந்தி கொஞ்ச நேரம் நீளும். கையால் இழுத்து, சுருதி கூட்டி, மறுபடி இழுத்து, நீளுவதெல்லாம் நீண்ட பிறகுதான் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு நீண்டால் சுருதி இறங்கிக்கொண்டே போகும். அது அவளுக்கு அத்துப்படி.

கூடத்தில் அவளுக்குக் கொடுத்த பாட்டின் நடுவில் ஒரு இடம். எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். கிடார் மட்டும் தனியாக, பாரை அடிவரை அழுத்தித் தந்திகள் தொளதொளவென்று கிடார் உடம்பில் தட்டும்வரை விட்டு, அப்படியே மேலே கொண்டுவந்து ஒரு சுரத்தில் நிற்க வேண்டும். அந்தச் சுரத்தில் கீபோர்டும் பேஸும் வந்து சேரும். கிடார் மயிரிழை விலகினாலும் ஊருக்கே கேட்கும்.

முதல் பாதி பிரமாதமாக வாசித்தாள். ஜெகதீஷ் தலையாட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். என் உடம்பு சிலிர்த்தது, பொய்யில்லை. பிறகு அந்த இடம். அழுத்தினாள், விட்டாள், நின்றாள். கீபோர்டு வந்து சேர்ந்தது. சேரவில்லை. கிடாரின் சுருதி கீழே நின்றது.

அவள் முகம் மாறியது. மறுபடி அதே இடத்தைக் கேட்டு வாங்கினாள். குட்டித் திருகுகளைத் திருகிச் சுருதியை ஏற்றிக்கொண்டாள். இந்த முறை அழுத்தியதும் பாரை மேலே ஒரு இழுப்பு இழுத்து விட்டாள், பாட்டில் அப்படியும் வாசிக்கலாம். இப்போது சுருதி மேலே போய் நின்றது. ஏற்றி வைத்ததும் சேர்ந்துகொண்டு இன்னும் அதிகமாகக் கேட்டது. மூன்றாவது தடவை எங்கே நிற்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஸ்ட்ரிங் எப்ப மாத்துன?” என்று ஜெகதீஷ் கேட்டார்.

“இன்னிக்குக் காலைல சார்.”

“இழுத்து வுட்டுப் பூட்டுனியா?”

“பூட்டினேன் சார்... பூட்டினேன்னுதான் நெனைக்கிறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்து, யோசித்துச் சொல்கிறோம் என்றார்.

நான் கருப்பசாமியைப் பார்த்தேன். அவன் கண் அவள் கிடாரின் தலையிலிருந்த ட்யூனரிலேயே இருந்தது. அழுத்திவிட்டபோது முள் இடப்பக்கம் நின்றது, இழுத்துவிட்டபோது வலப்பக்கம் நின்றது. தந்தி நீண்டால் முள் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் போகும். இரண்டு பக்கமும் நின்றால் உட்காருகிற இடம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க அளவு காட்டும் டயல் கேஜ் முள்ளைப் பார்த்துப் பிழைத்தவனுக்கு இது தெரியாதா? அங்கேயே தெரிந்துவிட்டது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது.

திரும்பி வரும்போது ஜூஜுவாடியில் இறங்கி டீ குடித்தோம். லாரிகள் வரிசையாகச் சோதனைச் சாவடிக்கு நின்றிருந்தன. சத்யா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாள். அப்புறம் கேட்டாள்.

“சாமி அண்ணா, நான் ஸ்ட்ரிங்க சரியா இழுத்து வுடலை போல. அவசரத்துல பூட்டிட்டேன். அதானேண்ணா?”

கருப்பசாமி டீயைப் பார்த்துக்கொண்டு, “இருக்கும்மா,” என்றான்.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல்லில் ஒரு பதில். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கிடாரைப் பார்த்து வைக்கிறேன் என்று அவன் வாங்கிக்கொண்டான். அவள் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை தகட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். விளிம்பு ஈரமண்ணில் கால் பதிந்தது போல நசுங்கி இருந்தது. நான் அரத்தை எடுத்தேன். தகட்டின் முகத்தில் வழுக்கியது. விளிம்பில் வைத்ததும் கடித்தது.

“தோலை உரிச்சுட்டியேடா, கிராதகா!” என்று கத்தினேன். “போ. இப்பவே லைனுக்குப் போயி அவகிட்ட சொல்லு. ஸ்ட்ரிங் இல்ல, தப்பு என்னுதுன்னு சொல்லு.”

“சொல்றேன்.”

“எப்போ?”

“சொல்றேன்டா, விஜி. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிறேன்.”

யோசித்தான். செவ்வாய், புதன், வியாழன். கேன்டீன் வரிசையில் அவளைக் கண்டால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனான். ஒரு சிவப்புச் சீட்டுக்கூட வாங்காதவன், முதல் சீட்டை ஒரு சின்னப் பெண் கையிலிருந்து வாங்கப் பயந்தான். அவனை மட்டும் சொல்லுவானேன்? எனக்கு வாய் இல்லையா? அவளுக்கு இரண்டு ஆள் பின்னால் நானே நின்றிருக்கிறேன். அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்வது முறையில்லை என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் சத்யா ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். பேண்டு சரிப்பட்டு வரவில்லை, தை மாதம் கல்யாணம் என்றாள். அவர்கள்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். கல்யாணத்துக்குப் போனோம். கருப்பசாமி பந்தியில் உட்கார்ந்து, போட்ட சாப்பாட்டைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தான். கிடாரை அவள் கேட்கவில்லை. அவனும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஆளே மாறிப்போனான். வேலையில் பழுது இல்லை. ஆனால் முடித்த சாமானை மூன்று தடவை, நான்கு தடவை அரம் போட்டுப் பார்த்தான். மேலாளரே எரிச்சல் பட்டார். பெங்களூரிலிருந்து நல்ல கம்பெனிப் பிரிட்ஜ் வரவழைத்தான், முழுத் தகடும் கெட்டி இரும்பு. தூண்களையும் மாற்றினான். அதில் அவன் ஒரு தூசு கூட அரைக்கவில்லை. புதுத் தந்தி போட்டு, இரண்டு நாள் இழுத்து இழுத்து விட்டு, பிறகு பூட்டினான். ஆனி மாதம் ஒரு நாள், “பேரிகைக்குப் போவோம்டா. இன்னைக்குச் சொல்லிருதேன்,” என்றான். என் வண்டியில் கிடாரை நடுவில் வைத்துக்கொண்டு போனோம்.

பசுமைக்குடிலுக்குப் பக்கத்திலேயே வீடு. சத்யா ரோஜாக்களை இருபது இருபதாகக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மோகன்குமார் தங்கமான பையன், நாற்காலி போட்டு, காபி சொல்லிவிட்டு, லாரி வந்திருக்கிறது என்று போனான். கிடார் பையைப் பார்த்ததும் அவள் சிரிப்புக் குறைந்தது.

“எதுக்குண்ணா இது? யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு நெனைச்சேன்.”

“ஒரு தடவ பாரு, சின்னவளே.”

முள் குத்திய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒரு சுரம் தட்டினாள். பாரைத் தந்தி தொங்கும்வரை அழுத்தினாள், விட்டாள். திரும்பி அதே சுரம். மேலே இழுத்து விட்டாள். அதே சுரம். நாலைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்தாள். அவள் காது எப்படி இருந்தது என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. ஏழு மாதமாக ஒரு சுரம் கேட்காத காது, கொஞ்சம் கூட மழுங்கவில்லை.

“ஸ்ட்ரிங்க நீங்க போட்டீங்களா? அதான். நான்னா அவசரப்பட்டுருப்பேன்,” என்றாள்.

கருப்பசாமி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஸ்ட்ரிங் இல்லம்மா. அன்னைக்கும் ஸ்ட்ரிங் இல்ல. நீ சரியாத்தான் பூட்டியிருந்த,” என்று ஆரம்பித்து, தோல் உரித்தது, விளிம்பு நசுங்கியது, முள் இரண்டு பக்கம் நின்றது, எல்லாவற்றையும் சொன்னான். அழுதான். நானும் அழுதேன், ஒளிப்பானேன்?

அவள் அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“அன்னைக்கே. அந்த ஹால்லயே.”

“டீக்கடைக்கு முன்னாடியே.”

“ஆமா.”

கிடாரை மடியில் சாய்த்து வைத்தாள். பிறகு சொன்னாள், “வேண்டாம்னு சொன்னது அவங்க இல்லண்ணா. வியாழக்கிழமை சாயங்காலம் ஜெகதீஷ் சார் போன் பண்ணாரு. ‘ஒன் வாசிப்பு எங்களுக்குப் புடிச்சிருக்கு, என் கிடார் தர்றேன், ஞாயித்துக்கெழம இன்னொரு தடவ வா’ன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். கம்பி மாட்டிப் பூட்டக்கூடத் தெரியாதவ, மூணு மாசம் மேடையில நின்னு அவங்க மானத்தையும் வாங்கறதான்னு தோணிச்சு. அப்பாகிட்டயும் சொல்லல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன், எங்க தப்பு விட்டேன்னு. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா நெனைச்சு நெனைச்சுப் பாத்தேன். ஒண்ணுலயும் தப்பு கெடைக்கல. கெடைக்கலைன்னதும், தப்பு பண்ணினதே தெரியாத அளவுக்கு நான் மட்டம்னு முடிவு கட்டிக்கிட்டேன்.”

வியாழக்கிழமை. அன்று மத்தியானம் கேன்டீனில் சாம்பார் சாதம். அவள் எங்களுக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல பத்தடி நடந்தால் போதும்.

“அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சு,” என்றாள். எங்களிடம் கேட்கவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளேயிருந்து மாமியார் தெலுங்கில் என்னவோ கேட்டார். “ஏமி லேது அத்தம்மா,” ஒன்றுமில்லை அத்தை என்று குரலைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னாள்.

கிடாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, கருப்பசாமியின் மடியில் வைத்தாள்.

“நீயே வச்சுக்கம்மா. ஒனக்காகத்தான் பண்ணினேன்.”

“வேண்டாங்கண்ணா. எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க இருந்தா எடுத்துப் பாக்கத் தோணும். எப்பப் பாத்தாலும் சரியா இருக்கும். அத என்னால தாங்க முடியாது.”

திட்டியிருக்கலாம் அவள். திட்டவில்லை. லாரிக்காரன் அவசரப்படுகிறான் என்று வெளியிலிருந்து மோகன்குமார் குரல் கொடுக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து இருபது ரோஜாவை எண்ணிச் சேர்த்தாள். நாங்கள் எழுந்து நின்றோம். அவள் தலை நிமிரவில்லை. கருப்பசாமி கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தும், செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு வண்டிவரை நடந்தான்.